நூறு ரூபாய்க்கு நூற்றறுபதா, நூற்றைம்பதா?

பீகாரின் ரக்சௌல் கடைவீதியில் ஒரு பொருளின் விலையைக் கேட்டால், பல கடைகளில் பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: “ஐ.சி.யா, என்.சி.யா?” ஐ.சி. என்றால் இந்திய ரூபாய், என்.சி. என்றால் நேபாள ரூபாய். வாங்க வந்தவர் எதைச் சொல்கிறாரோ அதற்கேற்ப விலை மாறும். சிர்சியா ஆற்றின் மேலுள்ள மைத்ரி பாலத்தைக் கடந்தால் நேபாளத்தின் பீர்கஞ்ச். அங்கேயும் அதே கேள்விதான். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே விசா கிடையாது. இரு நாட்டு மக்களும் தினமும் நடந்தும், சைக்கிளிலும், ரிக்‌ஷாவிலும் போய் வருகிறார்கள். அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் பணமும் கூடவே போய் வருகிறது.

இந்தப் பணத்துக்கு அரசாங்கம் வைத்த கணக்கு ஒன்று உண்டு. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993 பிப்ரவரியிலிருந்து இந்த விகிதம் மாறவில்லை. டாலருக்கு எதிராக நேபாள ரூபாய் தினமும் ஏறி இறங்கினாலும், இந்திய ரூபாயோடு அது கயிறு கட்டியதுபோல ஒரே இடத்தில் நிற்கிறது. நேபாளத்தின் மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கி 100 இந்திய ரூபாயை 160-க்கு வாங்கி, 160 ரூபாய் 15 காசுக்கு விற்கிறது. வங்கியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் எல்லையில் உள்ள கடைகளில் அதே நூறு ரூபாய்க்கு 150, 160, 165 என்று பல கணக்குகள் காதில் விழும். முதல்முறை போகிறவருக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தோன்றும். சில இடங்களில் அப்படியும் நடப்பது உண்டு. ஆனாலும் பெரும்பாலான நேரத்தில் கடைக்காரர் சொல்லும் விகிதத்துக்குப் பின்னால் தெளிவான ஒரு காரணம் இருக்கிறது. தன் கைக்கு வந்த நோட்டை அது செல்லுபடியாகும் இடத்துக்குத் திரும்பக் கொண்டுசேர்க்க அவருக்கு என்ன செலவாகும் என்பதுதான் அந்தக் காரணம்.

ரக்சௌல் பக்கத்துக் கடைக்காரரின் நிலையை முதலில் பார்க்கலாம். அவர் கடைக்கு வருகிறவர்களில் பலர் நேபாளிகள். துணி, மளிகை, பாத்திரம், மருந்து என எல்லாவற்றுக்கும் அவர்கள் பாலம் கடந்து வருவார்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் நேபாளப் பணம். அதை வாங்க மறுத்தால் அடுத்த கடை வாங்கிக்கொள்ளும், ஆகவே இவரும் வாங்கியாக வேண்டும். ஆனால் சரக்குக்கு அவர் பணம் கட்டுவது பாட்னாவுக்கோ, கொல்கத்தாவுக்கோ, சூரத்துக்கோ. அங்கே நேபாள நோட்டு செல்லாது. உள்ளூர் வங்கிக் கணக்கில் அதைப் போடவும் முடியாது. ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்கவும், மின் கட்டணம் கட்டவும் உதவாது. எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால் டீக்கடையில்கூட வாங்கமாட்டார்கள்.

ஆகவே மாலையில் கல்லாவில் சேர்ந்திருக்கும் நேபாள நோட்டுகளை என்ன செய்வது என்று அவர் யோசிக்க வேண்டும். அவருக்கு மூன்று வழிகள். மறுநாள் வரும் நேபாள வாடிக்கையாளர்களுக்கு மீதிச் சில்லறையாகக் கொடுக்கலாம். பீர்கஞ்சில் தனக்கு வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்குச் செலவழிக்கலாம். இரண்டுக்கும் போக மிஞ்சுவதை ‘சட்டஹி’க்காரரிடம் கொடுத்து இந்திய ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். எல்லை ஊர்களில் பணம் மாற்றுவதை சட்டஹி என்பார்கள். பாலத்தை ஒட்டியும் கடைவீதியிலும் சின்ன மேசை, நோட்டுக் கட்டுகள், ஒரு கால்குலேட்டர் ஆகியவற்றோடு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். நேபாளப் பக்கத்தில் ராஷ்டிர வங்கியின் உரிமம் பெற்ற மாற்று நிலையங்கள் உண்டு. இந்தியப் பக்கத்தில் இந்தத் தொழிலில் பெரும்பகுதி வாய்வார்த்தையிலும் பழக்கத்திலும் நடக்கிறது.

சட்டஹிக்காரர் சும்மா மாற்றித் தரமாட்டார். 160-க்கு மேல் கேட்பார். எவ்வளவு மேல் என்பது அன்றைய வரத்தைப் பொறுத்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். ரக்சௌலில் ஒரு துணிக்கடைக்காரர் 700 இந்திய ரூபாய்க்குக் கொள்முதல் செய்த சேலையை 800-க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் லாபம் நூறு ரூபாய். பீர்கஞ்சிலிருந்து வந்த ஒரு பெண் அதை நேபாளப் பணத்தில் வாங்க விரும்புகிறார். அரசு விகிதப்படி விலை 1,280 நேபாள ரூபாய். ஆனால் அன்று சட்டஹிக்காரர் 100 இந்திய ரூபாய் தர 163 நேபாள ரூபாய் கேட்கிறார். கடைக்காரர் 1,280-ஐ அவரிடம் கொடுத்தால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 785 இந்திய ரூபாய்தான். நூறு ரூபாய் லாபத்தில் பதினைந்து ரூபாய் மாற்றுவதிலேயே போய்விடுகிறது. அதனால் அவர் 1,320 என்று சொல்கிறார். பேரம் பேசி 1,300-இல் முடிகிறது. அந்த 1,300-ஐ மாற்றினால் சுமார் 797 ரூபாய் வரும். கிட்டத்தட்ட நினைத்த விலை கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால், நூறு இந்திய ரூபாய்க்கு 162 ரூபாய் 50 காசு கணக்கில் கொடுத்திருக்கிறார். இதில் எங்கேயும் ‘மாற்று விகிதம்’ என்ற பேச்சே எழவில்லை. விலைக்குள்ளேயே அது கரைந்துவிட்டது.

அதே கடைக்காரருக்கு மறுநாள் பீர்கஞ்சில் நேபாளப் பணத்தில் செலவு இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது நேபாள நோட்டு அவருக்குத் தேவைப்படும் பொருள். 1,280-க்கே சேலையைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார். பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கமாட்டார். ஒரே தெருவில், ஒரே நாளில், இரண்டு கடைகளில் இரண்டு விகிதம் நிலவுவது இப்படித்தான்.

வியாபாரத்தின் வகையும் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. துணியிலும் பாத்திரத்திலும் லாபம் தாராளம், அங்கே இரண்டு மூன்று ரூபாய் விட்டுக்கொடுக்க இடம் உண்டு. சர்க்கரை, எண்ணெய், பருப்பு விற்கும் மளிகைக்காரருக்கு மொத்த லாபமே நூற்றுக்கு மூன்று நான்கு ரூபாய்தான் என்றால், சட்டஹிக்காரர் எடுக்கும் கழிவு அதை அப்படியே விழுங்கிவிடும். அதனால் மளிகைக் கடையில் விகிதம் கறாராக இருக்கும். துணிக்கடைக்காரர், “முழு ரேட்டுக்கே எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி ஆளைக் கூப்பிடுவார். அந்த முழு ரேட் விலையில் எங்காவது சேர்ந்திருக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பீர்கஞ்சில் நிலைமை தலைகீழ். இந்திய ரூபாய் அங்கே எப்போதும் விரும்பப்படும் பணம். பீர்கஞ்ச் கடைக்காரர் சிறு சரக்குகளை ரக்சௌலில் வாங்குகிறார். பிள்ளையை இந்தியாவில் படிக்க வைக்கிறார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இந்திய மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். எல்லாவற்றுக்கும் ஐ.சி. வேண்டும். வங்கியில் கேட்டால் ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கிறது. ஆகவே இந்திய நோட்டோடு வரும் வாடிக்கையாளருக்கு 160 கணக்கில் கழிவில்லாமல் பொருள் கிடைத்துவிடும். எல்லையை விட்டு வெகுதூரம் உள்ளே, சுற்றுலாப் பயணிகள் கூடும் ஊர்களில் அதே நூறு ரூபாயை 150 என்று கணக்கிடும் கடைகள் உண்டு. அங்கே இந்திய நோட்டின் தேவை குறைவு, வந்தவருக்கோ கணக்கு தெரியாது.

நேபாளப் பணத்தின் மேல்தான் கழிவு விழுகிறது, இந்தியப் பணத்தின் மேல் விழுவதில்லை என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. நேபாளம் இந்தியாவுக்கு விற்பதைவிட இந்தியாவிடம் வாங்குவது பல மடங்கு அதிகம். பெட்ரோல், வாகனம், இரும்பு, அரிசி, மருந்து எல்லாம் தெற்கிலிருந்து வருகிறது. அதற்குத் தர இந்திய ரூபாய் போதாமல், நேபாள ராஷ்டிர வங்கி தன்னிடமுள்ள டாலரை விற்று இந்திய ரூபாய் வாங்குவதை வழக்கமாகவே வைத்திருக்கிறது. நாட்டளவில் உள்ள அந்தப் பற்றாக்குறைதான் ரக்சௌல் கடைவீதியில் மூன்று ரூபாய்க் கழிவாகத் தெரிகிறது. நேபாளிகளின் பெரிய பண்டிகையான தசைன் வரும்போது பாலத்தில் கூட்டம் பெருகி, ரக்சௌலில் நேபாள நோட்டுகள் குவியும், கழிவும் ஏறும். இந்தியாவில் வேலை செய்யும் நேபாளத் தொழிலாளர்கள் சம்பளப் பணத்தோடு ஊர் திரும்பும் நாட்களில் எல்லைக்கு இந்திய ரூபாய் வந்து சேரும், கழிவு இறங்கும். சட்டஹிக்காரர் இதையெல்லாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. தன் மேசையில் எந்தக் கட்டு தடிக்கிறது, எது மெலிகிறது என்பதைப் பார்த்தே விலை சொல்லிவிடுகிறார்.

இந்த ஊர்களுக்கு இரண்டு பணம் புதிதல்ல. நேபாளத்தின் தெற்குச் சமவெளியான தராயில் ஒரு காலத்தில் இந்திய ரூபாய்தான் புழக்கத்தில் மேலோங்கி இருந்தது. 1956-இல் ராஷ்டிர வங்கி தொடங்கப்பட்டபோது, நேபாள ரூபாயை நாடு முழுவதும் புழங்கச் செய்வதே அதன் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதற்கு முன்பு விகிதத்தைச் சந்தைதான் தீர்மானித்தது, அது ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக ஏறி இறங்கியது. 1960-இல் 160 என்று நிர்ணயித்தார்கள். 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது நேபாளம் கூடவே குறைக்கவில்லை. நேற்றுவரை 160 நேபாள ரூபாய் பெற்ற நூறு இந்திய ரூபாய், திடீரென்று 101 ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே நேபாளமும் தன் பணத்தின் மதிப்பைக் குறைக்க, 135 ஆனது. எண்பதுகளின் நடுவில் 170 வரை போய், 1993-இல் மறுபடி 160-இல் வந்து நின்றது. எல்லையில் வயதானவர்களுக்கு இந்த விகிதம் மாறக்கூடியது என்பது அனுபவத்தில் தெரியும்.

நிலையான விகிதமும் கடைக்காரரைக் காப்பாற்றாது என்பதற்கு பூட்டான் எல்லை இன்னொரு சாட்சி. அங்கே கணக்கு இன்னும் எளிது. ஒரு இந்திய ரூபாய்க்கு ஒரு நுல்ட்ரம், அவ்வளவுதான். ஆனால் 2012-இல் பூட்டானில் இந்திய ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, மேற்கு வங்கத்தின் ஜெய்கான் கடைவீதியில் நுல்ட்ரத்தை முழு மதிப்புக்கு வாங்கத் தயங்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் சட்டத்தில் மாறவே இல்லை. அந்த விகிதத்தில் மாற்றித் தர ஆள் கிடைக்கவில்லை.

நேபாள எல்லையில் இதைவிடப் பெரிய அடி 2016 நவம்பர் 8 இரவு விழுந்தது. இந்தியா 500, 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாததாக்கியது. நேபாளத்திலும் உடனே அந்த நோட்டுகளின் பரிமாற்றம் நிறுத்தப்பட்டது. இந்தியாவுக்குள் இருந்தவர்கள் வரிசையில் நின்றாவது மாற்றிக்கொள்ள முடிந்தது. நேபாளத்தில் அவசரத்துக்கென்று வீட்டுப் பெட்டியில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களைச் சேர்த்து வைத்திருந்த தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் அந்த வசதி இல்லை. பாலம் கடந்து வந்து இடைத்தரகரிடம் பாதி விலைக்கும் குறைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. நேபாள வங்கிகளில் தேங்கிய பழைய நோட்டுகளை மாற்றித் தரும்படி நேபாளம் பலமுறை கேட்டும் ஆண்டுக்கணக்கில் அது தீரவில்லை.

அடுத்து 2018 டிசம்பரில், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை வைத்திருக்கவும் புழங்கவும் நேபாள அரசு தடை விதித்தது. அதன் விளைவு, ஒரே நாட்டுப் பணத்துக்கே இரண்டு மதிப்பு. ஐந்து நூறு ரூபாய்த் தாள்களும் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளும் இந்தியாவில் சமம். தடை இருந்த காலத்தில் பீர்கஞ்சில் சமமாக இல்லை. நூறு ரூபாய்த் தாள் முழு விகிதத்தில் போனது, ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கியவர் சட்டத்தின் கண்ணுக்கு மறைத்து மீண்டும் இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார். டெல்லியிலோ பஞ்சாபிலோ மாதக்கணக்கில் உழைத்துவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு ஊர் திரும்பிய நேபாளத் தொழிலாளிகளே இதில் அதிகம் இழந்தவர்கள்.

இப்படி நோட்டு நோட்டாக மதிப்பு மாறுவதைக் கடைக்காரர்கள் தாளில் எழுதிக் கணக்குப் போடுவதில்லை. எல்லாம் மனக்கணக்கு. இந்திய ரூபாயை நேபாள ரூபாயாக்க அதனோடு பாதியைக் கூட்டி, பத்தில் ஒரு பங்கையும் கூட்டினால் போதும். 250 ரூபாய் என்றால் 250, 125, 25, மொத்தம் 400. திரும்பி வர, எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்க வேண்டும். 400-ஐ எட்டால் வகுத்தால் 50, அதன் ஐந்து மடங்கு 250. சின்னத் தொகைகளுக்கு வாய்ப்பாடு பழகிப் போயிருக்கும். ஐந்துக்கு எட்டு, பத்துக்குப் பதினாறு, ஐம்பதுக்கு எண்பது.

சிக்கல் வருவது சில்லறையில். நூறு நேபாள ரூபாய் சரியாக 62 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு இன்று யார் கையிலும் இல்லை. நாணயங்களை எல்லை தாண்டி வாங்குவாரும் இல்லை. எனவே 62 ஆகும், பல கடைகளில் 60 ஆகும். பத்து இந்திய ரூபாய் டீ 16 நேபாள ரூபாய் ஆக வேண்டும். கையில் இருபது ரூபாய்த் தாள் மட்டும் இருந்தால் அதுவே விலையாகிவிடும், அல்லது மீதிக்கு ஒரு மிட்டாய் வரும். பெரிய தொகையில் மூன்று ரூபாய்க் கழிவுக்குப் பேரம் பேசுகிறவர், சில்லறையில் அதைவிட அதிக விகிதத்தை இழந்தும் பேசாமல் போய்விடுவார். எல்லைக் கடைக்காரர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு இடத்திலும் கவனம் தேவை. விலை நேபாளப் பணத்தில், கொடுப்பது இந்தியப் பணம், மீதி மறுபடி இந்தியப் பணத்தில் என்றால் இரண்டு முறை மாற்று நடக்கிறது. 240 நேபாள ரூபாய்ப் பொருளுக்கு 200 இந்திய ரூபாய் கொடுத்தால், 150 ரூபாய் ஐ.சி. பொருளுக்குப் போய் மீதி 50 வர வேண்டும். கடைக்காரர் வாங்கும்போது நூறுக்கு 150 என்று கணக்கிட்டால் அந்த 200 வெறும் 300 நேபாள ரூபாய் ஆகிறது. பொருளுக்குப் போக மீதி 60. அதைத் திருப்பித் தரும்போது 160 கணக்கில் மாற்றினால் 37 ரூபாய் 50 காசு. ஐம்பது வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டரை ரூபாய் குறைகிறது. மீதியை நேபாளப் பணத்திலேயே கேட்டால் ஒரு மாற்று மிச்சமாகும், எந்த விகிதத்தில் கணக்கு நடந்தது என்பதும் உடனே தெரிந்துவிடும்.

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கடைவீதிகளில் இரண்டு புதிய காரணிகள் சேர்ந்திருக்கின்றன. இந்தியாவிலிருந்து கொண்டுவரும் நூறு நேபாள ரூபாய்க்கு மேற்பட்ட பொருளுக்குச் சுங்கம் கட்ட வேண்டும் என்ற விதியை 2023-இல் நேபாளம் கடுமையாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பாலத்தில் பைகளைச் சோதித்தார்கள். ரக்சௌல் போன்ற ஊர்களில் நேபாள வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள், அவர்கள் கொண்டுவரும் என்.சி.யும் குறைந்தது. அடுத்தது கியூஆர் அட்டை. 2024 மார்ச் முதல் இந்தியப் பயணிகள் நேபாளக் கடைகளில் யுபிஐ மூலம் பணம் செலுத்த முடிகிறது. கடைக்காரரின் கணக்குக்கு நேபாள ரூபாயாகப் போய்ச் சேரும், செலுத்துகிறவருக்குத் திரையிலேயே இந்திய ரூபாய்த் தொகை தெரிந்துவிடும். இந்த இடத்தில் கடைக்காரர் தன் விகிதத்தைச் சொல்ல வழியில்லை. அதே நேரம் அவர் விரும்பும் இந்திய நோட்டும் அவர் கைக்கு வராது. ரொக்கமாகக் கொடுத்தால் விலையைக் குறைத்துக்கொள்ள ஒரு எல்லைக் கடைக்காரர் முன்வந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த எல்லையைக் கடப்பவர்கள் குறைவல்ல. நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளில் ஒன்றான சாளக்கிராமம் என்று போற்றப்படும் முக்திநாத்துக்குப் போகும் அடியார்கள் பலர் கோரக்பூரில் ரயிலிறங்கி, சுனௌலி வழியாக நேபாளத்துக்குள் நுழைகிறார்கள். எந்த இந்திய நோட்டுகளை எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற விதி இரு நாடுகளிலும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் வங்கியில் கேட்டுக்கொள்வது அவசியம். விதி எதுவானாலும் நூறு ரூபாய்த் தாள்கள் சிக்கலில்லாமல் போகும். எல்லையில் மாற்றும்போது நூறுக்கு 160-க்குக் கீழே எவ்வளவு குறைக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். விலை சொல்லும் கடையில் ஐ.சி.யா என்.சி.யா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், 800 என்று சொன்னது நேபாளப் பணமாக இருந்தால் இந்தியப் பணத்தில் அது 500 மட்டுமே. திரும்பும் வழியில் கையிலிருக்கும் நேபாள நோட்டுகளைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே செலவழித்துவிடுவதோ மாற்றிவிடுவதோ நல்லது. இந்தப் பக்கம் வந்து கோரக்பூர் ரயில் ஏறிய பிறகு அவற்றை வாங்கிக்கொள்ள யாரும் இருக்கமாட்டார்கள்.